‘பதிவு இல்லை’ என்பதும் ‘மணமாகாதவர்’ என்பதும் ஒன்றா?

தை பிறக்கும் முன்பே சிராங்கூன் ரோட்டில் கல்யாணக் களை வந்துவிடுகிறது. அழைப்பிதழ் அச்சிடுவோர், நகைக்கடைகள், பட்டுச்சேலைக் கடைகள் எல்லாம் பரபரப்பாக இருக்கும். வானொலியில் திருமணம் பற்றி ஏதாவது பேசினால், நிகழ்ச்சி முடிந்த பிறகு எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் பட்டைப் பற்றியோ பந்தியைப் பற்றியோ இருப்பதில்லை. “ஊரில் பதிவு செய்யப் போனோம், ‘சிங்கிள் ஸ்டேட்டஸ் சர்டிபிகேட்’ கொண்டுவரச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் அதை எங்கே வாங்குவது?” என்ற ஒரே கேள்விதான் வெவ்வேறு குரல்களில் வரும்.

பதிலைக் கேட்டால் பலருக்கும் வியப்பாக இருக்கும். அந்தப் பெயரில், ஒரே தாளாக, ஒரே அலுவலகத்தில் கிடைக்கும் சான்றிதழை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். சிங்கப்பூரரிடம் வெளிநாட்டுப் பதிவாளர் எதிர்பார்ப்பது, நடைமுறையில் இரண்டு தாள்கள் சேர்ந்த ஒரு கட்டு. முதல் தாளில் அரசாங்கம் பேசுகிறது: “எங்கள் ஏட்டில் இவருக்குத் திருமணப் பதிவு எதுவும் இல்லை.” இரண்டாவது தாளில் நீங்கள் பேசுகிறீர்கள்: “நான் இப்போது யாருக்கும் கணவனோ மனைவியோ இல்லை.” இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு புரிந்துவிட்டால் யாரிடம் போக வேண்டும், என்ன எழுத வேண்டும் என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அரசாங்கம் சொல்லக்கூடியது

சிங்கப்பூர்த் திருமணப் பதிவகத்திடம் ‘திருமணப் பதிவுத் தேடல்’ என்ற சேவைக்கு இணையம்வழி விண்ணப்பிக்கலாம். உங்கள் பெயரையும் அடையாள எண்ணையும் வைத்துப் பதிவேட்டில் தேடி, சிங்கப்பூரில் உங்கள் பெயரில் திருமணப் பதிவு இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் எழுதித் தருவார்கள். முஸ்லிம் சட்டப்படி நடக்கும் திருமணங்களுக்குத் தனிப் பதிவகம் இருக்கிறது. எனவே கடிதம் கைக்கு வந்ததும், எந்தப் பதிவேடு தேடப்பட்டது, எந்தக் காலத்திலிருந்து எந்த நாள் வரை தேடப்பட்டது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். ஊரில் உள்ள பதிவாளரும் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்தப் பதிவேட்டின் வேர் 1961ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் அவரவர் வழக்கப்படி கோவிலிலும் வீட்டிலும் நடந்த பல திருமணங்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒருவருக்கு ஒரே மனைவி என்ற கட்டாயமும் எல்லாருக்கும் இருக்கவில்லை. சாசனம் வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதோர் ஒரு திருமணம் நீடிக்கும்போது இன்னொன்றைச் செய்ய முடியாது. சிங்கப்பூரில் நடக்கும் திருமணம் உரிய உரிமத்தோடு, பதிவாளர் அல்லது உரிமம் பெற்ற திருமண நடத்துநர் முன்னிலையில் நடந்தால்தான் செல்லும். சிங்கப்பூருக்குள் நடந்த சட்டபூர்வத் திருமணம் என்றால் அது ஏட்டில் இருக்கும் என்று நம்பலாம். தேடல் கடிதத்துக்கு மதிப்பு இருப்பதற்கு அதுவே காரணம்.

கடிதத்தின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரர் ஒருவர் மதுரையில் தாலி கட்டிவிட்டு வந்தால், அந்தத் திருமணம் சிங்கப்பூர்ப் பதிவகத்தின் ஏட்டில் ஏறுவதில்லை. வெளிநாட்டில் முறையாக நடந்த திருமணத்தைச் சிங்கப்பூர்ச் சட்டம் ஏற்கிறது, ஆனால் இங்கே மறுபடி பதிவு செய்வதில்லை. எனவே மதுரையில் மணமானவர் இங்கே தேடல் கேட்டாலும் “பதிவு எதுவும் இல்லை” என்றுதான் பதில் வரும். அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் மணமானவர்தான்.

நம்மவர்களிடையே இது வெறும் ஊகமாக இருப்பதில்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி, சடங்குகள் முறையாக நடந்திருந்தால் பதிவு செய்யாவிட்டாலும் திருமணம் செல்லும். தமிழகத்தில் இன்னும் ஒரு படி மேல். 1967இல் அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றி, மோதிரம் அணிவித்து, அல்லது தாலி கட்டிச் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணமும் இந்துக்களிடையே சட்டப்படி செல்லும். ஐயர் வேண்டியதில்லை, அக்கினி வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் நடந்த பல திருமணங்களுக்கு ஒரு புகைப்பட ஆல்பமும் நான்கு சாட்சிகளும்தான் ஆதாரம்.

ஆகவே எந்த நாட்டு அரசாங்கமும் ஒருவரைப் பற்றி “இவர் உலகில் எங்கும் மணமாகாதவர்” என்று சொல்ல முடியாது. தன் ஏட்டில் இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். மீதியைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதுவும் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்து, கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே வாழும் ஒருவர் வெளிநாட்டில் மணம் முடிக்கப் போகிறார் என்றால், உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்கிறார். அது 28 நாட்கள் பொதுப்பார்வைக்கு வைக்கப்படும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ‘தடையின்மைச் சான்றிதழ்’ கிடைக்கும். ஊர் அறியச் சொல்லி, ஊர் மறுக்கவில்லை என்பதற்கான சான்று அது. இங்கிலாந்து மாப்பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய சில அலுவலகங்கள் அதே பெயரில் சிங்கப்பூரரிடமும் தாள் கேட்கின்றன. அப்படிக் கேட்டால் திகைக்க வேண்டாம். தேடல் கடிதமும் உறுதிமொழியும் சேர்ந்தால் ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியது

இரண்டாவது தாள் சட்டபூர்வ உறுதிமொழி. இதன் வாசகத்தில்தான் பலருக்குச் சறுக்குகிறது. வழக்கறிஞர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தருவார். ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. முதல்முறை மணம் முடிப்பவருக்கு அதன் சாரம் இப்படி இருக்கும்:

“கடப்பிதழில் உள்ளபடி இன்ன பெயரும், இன்ன பிறந்த தேதியும், இன்ன அடையாள அட்டை எண்ணும், இன்ன கடப்பிதழ் எண்ணும் கொண்டு, இன்ன முகவரியில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமகனாகிய நான் உறுதி கூறுவது: நான் இதுவரை எந்த நாட்டிலும், எந்தச் சட்டப்படியும், எந்த மதச் சடங்கு அல்லது வழக்கத்தின்படியும் திருமணம் செய்துகொண்டதில்லை. இன்று நான் மணமாகாதவன். இன்ன நாட்டைச் சேர்ந்த, இன்ன கடப்பிதழ் எண் கொண்ட இன்னாரை, இன்ன ஊரில் மணம் முடிக்க விரும்புகிறேன். அதற்குச் சட்டப்படி எனக்கு எந்தத் தடையும் இருப்பதாக நான் அறியவில்லை.”

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘எந்த நாட்டிலும்’ என்பது தேடல் கடிதம் எட்டாத இடங்களை மூடுகிறது. ‘மதச் சடங்கு அல்லது வழக்கத்தின்படியும்’ என்பது, ஏட்டில் ஏறாத கோவில் திருமணத்தையும் மாலை மாற்றிய திருமணத்தையும் மூடுகிறது. ‘இன்று’ என்ற சொல் தாளுக்கு ஒரு தேதியைக் கொடுக்கிறது. போன ஆண்டு மணமாகாதவராக இருந்தவர் இந்த ஆண்டும் அப்படியே இருப்பார் என்று பதிவாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். மணமகள் பெயரும் ஊரும் இருப்பது, அதே தாளை வேறொரு திருமணத்துக்கு எடுத்துச் செல்லாமல் இருக்க. சில அலுவலகங்கள் இதைக் கேட்பதில்லை. ஆனால் இருந்தால் தவறில்லை.

முன்பு மணமாகி முறிந்தவருக்கும் துணையை இழந்தவருக்கும் இந்த வாசகம் பொருந்தாது. “இதுவரை திருமணம் செய்துகொண்டதில்லை” என்ற வரியை அவர்கள் எழுதினால் அது பொய்ச் சத்தியம். ஆனால் ஒரு மாதிரித் தாளை இணையத்திலிருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டியது வேறு: “இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னாரை மணந்தேன். அந்தத் திருமணம் இன்ன நீதிமன்றத்தின் இன்ன எண் கொண்ட இறுதித் தீர்ப்பால் இன்ன தேதியில் முடிந்தது. அதன்பின் நான் யாரையும் மணக்கவில்லை. இன்று நான் மணவிலக்குப் பெற்றவன்.” துணையை இழந்தவர் தீர்ப்புக்குப் பதிலாக மரணச் சான்றிதழின் விவரத்தைக் குறிப்பிடுவார். முதல் திருமணம் சிங்கப்பூரில் நடந்திருந்தால், தேடல் கடிதம் அதைக் காட்டிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடிதம் ஒன்றும் உறுதிமொழி வேறொன்றும் சொன்னால் கட்டு முழுவதும் கெட்டுப்போகும்.

இந்தியாவில் இந்தச் சொல் வேறுபாடு வெறும் சம்பிரதாயம் அல்ல. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தோடு இணைந்த அறிவிப்புப் படிவத்திலேயே மணமாகாதவர், துணையை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் என்று நிலையைக் குறிக்கும் இடம் இருக்கிறது. திருமணத்தன்று மணமக்கள் மூன்று சாட்சிகளோடு கையெழுத்திடும் உறுதிமொழியிலும் அதே மூன்று தெரிவுகள்தான். சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோகும் தாளில் உள்ள சொல், அந்த மூன்றில் ஒன்றோடு நேராகப் பொருந்த வேண்டும். ‘சிங்கிள்’ என்ற பொதுச் சொல் மட்டும் இருந்தால், இவர் முதல்முறை மணப்பவரா, மறுமணமா என்று பதிவாளர் திரும்பக் கேட்பார்.

பெயர் ஒன்று, எழுத்து இரண்டு

வாசகம் சரியாக இருந்தும் தாள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். சிங்கப்பூர்த் தமிழர் பலரின் அடையாள அட்டையில், ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்பதைக் குறிக்கும் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ நடுவில் இருக்கும். இந்தியாவில் தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னால் போடுவார்கள், அல்லது கடப்பிதழில் குடும்பப்பெயர் என்ற கட்டத்துக்குள் தள்ளுவார்கள். ஊரில் மணமகள் வீட்டார் நிரப்பிய படிவத்தில் ஆர். முருகன் என்றும், சிங்கப்பூர்த் தாளில் முருகன் எஸ்/ஓ ராமசாமி என்றும் இருந்தால், இருவரும் ஒருவர்தான் என்று பதிவாளர் ஊகிக்க வேண்டியதில்லை.

எளிய வழி ஒன்று உண்டு. எல்லாத் தாளிலும் கடப்பிதழில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். ஊர்ப் படிவத்தை நிரப்பும் உறவினருக்கும் கடப்பிதழின் நகலை அனுப்பிவிடுங்கள். முன்பு பத்திரம் எழுதிப் பெயர் மாற்றியிருந்தால், பழைய பெயரையும் தேடல் விண்ணப்பத்திலும் உறுதிமொழியிலும் குறிப்பிடுங்கள். பழைய பெயரில் திருமணம் நடந்திருக்கலாமே என்ற கேள்வி எழாமல் இருக்க அது உதவும்.

முத்திரை யார் போடுவது?

சிங்கப்பூரில் சத்தியம் செய்துகொடுக்க இரண்டு வகையானவர்கள் இருக்கிறார்கள். சத்திய ஆணையர் முன் கையெழுத்திடும் தாள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு. வெளிநாட்டுக்குப் போகும் தாள் என்றால் நோட்டரி பப்ளிக் வேண்டும். இருவரும் பெரும்பாலும் வழக்கறிஞர்களே, சில நேரம் ஒரே அலுவலகத்தில் இருப்பார்கள். அதனால்தான் குழப்பம். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று சத்திய ஆணையரிடம் கையெழுத்திட்டு வந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உள்ளே நுழைந்ததும் “இது இந்தியாவில் பயன்படுத்த” என்று சொல்லிவிடுங்கள்.

நோட்டரி தரும் சான்று அடுத்து சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே கிடைப்பதுதான் அப்போஸ்டில். 2021 செப்டம்பர் 16ஆம் தேதி அப்போஸ்டில் உடன்பாடு சிங்கப்பூரில் நடப்புக்கு வந்ததிலிருந்து இந்த முறை இருக்கிறது. இந்தியா 2005ஆம் ஆண்டிலிருந்தே அதில் உறுப்பு நாடு. இரு நாடும் உள்ளே இருப்பதால், சட்டக் கழகத்தின் அப்போஸ்டில் ஒட்டிய தாளுக்குத் தூதரக முத்திரை தேவையில்லை என்பது விதி. உடன்பாட்டில் இல்லாத நாடு என்றால், சட்டக் கழகத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் போக வேண்டும்.

தேடல் கடிதத்துக்கும் தனியாக அப்போஸ்டில் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறுதிமொழிக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு, கடிதத்தை வெறும் அச்சுப்பிரதியாக எடுத்துச் செல்வார்கள். பதிவாளர் அதைத்தான் முதலில் புரட்டுவார். கடிதத்தை எந்த வடிவில் கொண்டுவந்தால் ஏற்பார்கள் என்று சட்டக் கழகத்திடமோ உங்கள் நோட்டரியிடமோ முன்பே கேட்டுவிட்டால் ஒரு நடை மிச்சம்.

இன்னொன்று: அப்போஸ்டில், தாளில் உள்ள கையெழுத்தும் பதவியும் முத்திரையும் உண்மை என்று மட்டும் சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. அந்தப் பொறுப்பு கடைசிவரை கையெழுத்திட்டவருடையதுதான். மணமானவர் அந்தத் திருமணம் நீடிக்கும்போதே மறுமணம் செய்தால், சிங்கப்பூரிலும் சரி, இந்தியாவிலும் சரி, ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம்.

ஒரு மணமகனின் நாட்காட்டி

இத்தனையும் நாட்களில் எப்படி அமையும் என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஈசூனில் வசிக்கும் சிங்கப்பூரர், இந்து, ஒருமுறை மணமாகி முறிந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மணமகள் திருச்சியைச் சேர்ந்த கிறிஸ்துவர். மதம் வேறு என்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு. பெரியவர்கள் ஜனவரி 20ஆம் தேதியைக் குறித்துவிட்டார்கள்.

அந்தச் சட்டப்படி, மணமக்களில் ஒருவராவது அறிவிப்புக்கு முன் அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். மணமகள் திருச்சியிலேயே இருப்பதால் அது நிறைவேறிவிடுகிறது. அறிவிப்புக் கொடுத்த பிறகு ஆட்சேபணைக்காக 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே டிசம்பர் 20ஆம் தேதிக்குள் அறிவிப்புப் போயே ஆக வேண்டும். கொஞ்சம் மூச்சுவிட இடம் வைத்து டிசம்பர் 10 என்று குறித்துக்கொள்வோம். அறிவிப்பு மூன்று மாதங்கள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும். எனவே ரொம்ப முன்னதாகவே கொடுத்துவிடுவதும் பயனில்லை.

இனி சிங்கப்பூர்ப் பக்கம். இவருக்கு ஆகஸ்ட் 10ஆம் தேதி மணவிலக்கு வழக்கில் இடைக்காலத் தீர்ப்புக் கிடைத்தது. நண்பர்கள் வாழ்த்தினார்கள், இவரும் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார். முடியவில்லை. இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு வழக்கமாக மூன்று மாதம் கழிய வேண்டும். பிள்ளைகள், சொத்து போன்ற விவகாரங்களும் தீர்ந்திருக்க வேண்டும். அதன்பின் இறுதித் தீர்ப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது தானாக வீட்டுக்கு வராது. அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை சட்டத்தின் கண்ணில் இவர் மணமானவர்தான்.

அவசரத்தில் நவம்பர் 1ஆம் தேதி நோட்டரியிடம் போய், “நான் மணவிலக்குப் பெற்றவன்” என்று கையெழுத்திட்டால் அது பொய். அப்போஸ்டில் ஒட்டினாலும் பொய்தான். திருச்சியில் பதிவாளர் தீர்ப்பு நகலைக் கேட்டு, தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும். எவரும் கவனிக்காமல் திருமணம் நடந்துவிட்டால் இன்னும் மோசம். முதல் திருமணம் நீடிக்கும்போதே நடந்ததால் இரண்டாவது செல்லாது. அது வெளியே தெரிவது, பல ஆண்டு கழித்து மனைவியின் நீண்டகால அனுமதிக்கோ பிள்ளையின் குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும் நாளாகவும் இருக்கலாம்.

எனவே சரியான வரிசை இது. நவம்பர் நடுவில் இறுதித் தீர்ப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. அதன் பிறகு திருமணப் பதிவுத் தேடல். தேடலில் முதல் திருமணம் தெரியும், அது இயல்புதான். அடுத்து, தீர்ப்பு எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு நோட்டரி முன் உறுதிமொழி. பிறகு தேடல் கடிதம், உறுதிமொழி, இறுதித் தீர்ப்புச் சான்றிதழ் மூன்றுக்கும் அப்போஸ்டில். டிசம்பர் முதல் வாரத்தில் தாள்கள் திருச்சிக்குப் போகின்றன, டிசம்பர் 10இல் அறிவிப்பு. அறிவிப்புக் கொடுக்கும்போது மணமகனும் நேரில் இருக்க வேண்டுமா என்று அந்தப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், விமானச் சீட்டு ஒன்றா இரண்டா என்பது தெரிந்துவிடும்.

இறுதித் தீர்ப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால்? ஜனவரி 20இல் பதிவு நடக்காது, அவ்வளவுதான். மண்டபத்தில் விருந்து வைக்கலாம். தாலி கட்டுவதையும் பதிவையும் தள்ளிப்போடச் சொல்லிப் பெரியவர்களிடம் பேசுவதுதான் வழி.

இங்கே வேலை செய்யும் இந்தியர் என்றால்

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் தமிழ்நாட்டு இளைஞருக்குக் கதை கொஞ்சம் திரும்புகிறது. ஜெர்மனியிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள பெண்ணை அவர் மணக்கப் போகிறார், அந்த நாடு சான்றுக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ப் பதிவகத்தின் தேடல் அவர் இங்கே மணக்கவில்லை என்று மட்டும்தான் காட்டும். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது ஊரில். அங்கிருந்தும் ஒரு தாள் வேண்டும்.

நாடு முழுவதற்குமான ஒரே திருமணப் பதிவேடு இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டில் இ-சேவை வழியாக வருவாய்த் துறையிடம் ‘திருமணமாகாதவர் சான்றிதழ்’ கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அனுப்ப, மேலே வருவாய்த் துறை அதிகாரி கையெழுத்திட்டுத் தருவார். ஏட்டில் தேடித் தருவது சிங்கப்பூர் வழி என்றால், ஊரில் விசாரித்துத் தருவது இது. அதனால் பெற்றோர் சொந்த ஊரில் இருப்பது பெரிய உதவி. பல நேரங்களில் பெற்றோரும் தனியாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். இந்தத் தாள்கள் மாநில அரசின் உரிய துறையில் சரிபார்க்கப்பட்டு, இந்திய வெளியுறவு அமைச்சில் அப்போஸ்டில் பெறும். சென்னையிலேயே அமைச்சின் கிளை இருப்பதால் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. சில நாடுகள், வசிக்கும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தாளையே கேட்கும். அப்போது கிரேஞ்ச் ரோட்டில் உள்ள தூதரகத்தை அணுக வேண்டும். எதைக் கேட்கிறார்கள் என்பது போகும் நாட்டைப் பொறுத்தது.

விசாவுக்காகக் கேட்கும் தாள், திருமணத்துக்காகக் கேட்கும் தாள் என்ற வேறுபாடும் உண்டு. அமெரிக்காவின் நிச்சயதார்த்த விசாவில், இருவரும் மணம் முடிக்கச் சட்டப்படி விடுதலையானவர்கள் என்பதே முக்கியம். முன்பு மணமாகியிருந்தால் ஒவ்வொரு திருமணமும் எப்படி முடிந்தது என்பதற்கான தீர்ப்போ மரணச் சான்றிதழோ கேட்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்து 90 நாட்களுக்குள் மணம் முடிக்க வேண்டும். அந்த விசாவுக்குப் பழைய திருமணம் முடிந்த சான்றுதான் கனமான தாள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரோ முன்பு இருந்தவரோ, சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி தேவைப்படலாம். திருமணம் ஊரில் நடந்தாலும் இது பொருந்தும். மணமாகாதவர் என்ற சான்று எத்தனை கச்சிதமாக இருந்தாலும் அந்த அனுமதிக்கு ஈடாகாது. இரண்டும் வெவ்வேறு கதவுகள்.

தாளை வாங்கும் முன்

நோட்டரி அலுவலகத்துக்குப் போகும் முன், தாளை வாங்கப் போகும் அலுவலகத்திடம் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். தேடல் கடிதமும் உறுதிமொழியும் போதுமா, வேறு பெயரில் ஏதாவது வேண்டுமா? அப்போஸ்டில் போதுமா, தூதரக முத்திரையும் வேண்டுமா? கையெழுத்திட்ட நாளிலிருந்து எத்தனை மாதம் வரை தாளை ஏற்பார்கள்? மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் யார் செய்தால் ஏற்பார்கள்? தொலைபேசியில் கிடைக்கும் பதில் அடுத்த நாள் வேறொருவர் வாயில் மாறிவிடும். எழுத்தில் இருந்தால், கவுன்ட்டரில் காட்டலாம்.

மூன்றாவது கேள்விதான் பணத்தைக் காப்பாற்றும். சில அலுவலகங்கள் மூன்று மாதத்துக்கு மேல் பழைய தாளைத் தொடுவதில்லை, சில ஆறு மாதம் வரை ஏற்கின்றன. நிச்சயதார்த்தத்தன்றே உற்சாகமாக எல்லாத் தாளையும் வாங்கி அலமாரியில் வைத்தவர், கல்யாண மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். பதிவாளர் கேட்பது நீங்கள் எப்போதோ மணமாகாதவராக இருந்ததை அல்ல, அவர் முன் கையெழுத்திடும் நேரத்தில் அப்படி இருப்பதை.